குழு விவாத வீடியோ: வெட்டு மேடையிலா, மேசையிலா?

நான்கு பேச்சாளர்கள், ஒரு நெறியாளர், ஒரு மணி நேரப் பேச்சு. இதை வீடியோவாக எடுக்கச் சொன்னால் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை கேமரா?" என்றுதான். நானும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் முதல் கேள்வி வேறு: கடைசியில் பார்ப்பவருக்குப் போய்ச் சேரப்போவது எத்தனை நிமிடம்? ஒரு மணி நேரமும் அப்படியே போகிறதா, பாதிக்கும் கீழே சுருங்கப் போகிறதா?

இதற்குப் பதில் தெரிந்தால், வெட்டு வேலை எங்கே நடக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பேச்சு நடக்கும்போதே, கேமராப் படங்களை மாற்றி மாற்றித் தரும் ஸ்விட்சர் கருவியில் வெட்டுவதா, எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டு வந்து பிறகு எடிட்டிங் மேசையில் வெட்டுவதா என்பதுதான் இங்கே உண்மையான முடிவு. நெறியாளரின் கேள்வித்தாள், பேசுபவரை விட்டுக் கேட்பவரைக் காட்டும் கட்அவே ஷாட்டை எடுக்கும் முறை, பேச்சாளரின் பெயரையும் பதவியையும் திரையில் காட்டும் பெயர்ப் பட்டை என்ற மூன்றும் அந்த முடிவைப் பொறுத்து மாறுகின்றன. இதை முன்கூட்டியே தீர்க்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், நேரடி வெட்டுக்கான கேள்விகளும் எடிட்டிங்குக்கான கேமராக்களும் கலந்து, இரண்டுக்கும் உதவாத ஒன்று கிடைக்கும்.

ஒரு விவாதத்தை எடுத்துக்கொண்டு பேசலாம். பொருள் நிலத்தடி நீர். பேச வருபவர்கள் ஒரு நீரியல் பேராசிரியர், ஒரு விவசாயி, குடிநீர் வழங்கல் துறைப் பொறியாளர் ஒருவர், ஒரு வழக்கறிஞர். அரங்கில் 60 நிமிடம் பேசுவார்கள். நமக்கு வேண்டியது 24 நிமிட வீடியோ ஒன்று. அதோடு கைப்பேசியில் பார்க்க, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் செங்குத்துத் துண்டுகள் ஐந்து. கையில் இருப்பது மூன்று கேமராக்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி நேரடி வெட்டு. மூன்று கேமராக்களின் இணைப்பும் ஸ்விட்சருக்குப் போகும். அதன் முன்னால் இருப்பவர் பேச்சோடு பேச்சாகக் கேமராவை மாற்றுவார். பெயர், தலைப்பு எல்லாம் அப்போதே படத்தின் மேல் ஏறும். நிகழ்ச்சி முடிந்தால் வீடியோவும் முடிந்தது.

இரண்டாவது தனித்தனிப் பதிவு. ஒவ்வொரு கேமராவும் தன் கார்டில் பதிவு செய்யும். ஐந்து மைக்கும் ஐந்து டிராக்காக ஒரு ரிக்கார்டரில் ஏறும். பிறகு எடிட்டர் எல்லாவற்றையும் ஒரே டைம்லைனில் ஒத்திசைத்து, எல்லாக் கோணங்களும் ஒன்றாகத் தெரியும் மல்டிகேமாக வைத்து வெட்டுவார்.

மூன்றாவது இரண்டையும் சேர்ப்பது. ஸ்விட்சரில் வெட்டிக்கொண்டே ஒவ்வொரு கேமராவையும் தனியாகவும் பதிவு செய்வது. ஏடெம் மினி புரோ ஐஎஸ்ஓ போன்ற சிறிய கருவிகளே இதைச் செய்கின்றன. நான்கு உள்ளீடுகளையும், வெட்டிய வடிவத்தையும் தனித்தனிக் கோப்பாக எழுதி, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திறக்கக்கூடிய புராஜெக்ட் கோப்பையும் தந்துவிடும். திறந்தால் அரங்கில் போட்ட வெட்டுகள் டைம்லைனில் அப்படியே நிற்கும், தவறியதை நகர்த்திக்கொள்ளலாம்.

கேட்கும்போது மூன்றாவதுதான் சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். அங்கே பொறுமையாக வருவோம்.

கேள்வித்தாளை இரண்டு விதமாக எழுத வேண்டும்

நெறியாளரின் கேள்விகள் உள்ளடக்கம் சார்ந்தவை, படம்பிடிப்பவருக்கு அதில் என்ன வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கேள்வியைப் பாருங்கள்.

"ஆழ்துளைக் கிணறு தோண்ட உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தால், அது நடைமுறையில் எந்த அளவுக்கு நிற்கும், வக்கீல் சார்?"

நேரடி வெட்டில் இது ஒரு சின்ன விபத்து. யாரிடம் கேட்கிறார் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. கேமராக்காரர் வழக்கறிஞரைத் தேடிப் போய், ஃபோகஸ் பிடித்து நிற்பதற்குள் அவர் முதல் வாக்கியத்தைப் பாதி சொல்லிவிட்டிருப்பார். அந்த நேரம் முழுவதும் திரையில் எல்லாரும் தெரியும் வைட் ஷாட் ஓடும், அல்லது அசைந்துகொண்டிருக்கும் படம் ஓடும். அதே கேள்வியை "வக்கீல் சார், இது உங்களுக்கு" என்று தொடங்கினால் போதும். கேள்வி முடிய இன்னும் எட்டு நொடியாவது இருக்கும், ஷாட் தயாராகிவிடும். ஆகவே முதல் வழிக்கு விதி இதுதான்: பெயர் முன்னால், கேள்வி பின்னால். தலைப்பு மாறும்போது நெறியாளர் அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். "சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம்" என்ற ஒரு வரி இல்லாவிட்டால், தலைப்புப் பட்டையை மாற்ற வேண்டியவர் இருட்டில் தடவிக்கொண்டிருப்பார்.

எடிட்டிங்கில் வெட்டுவதென்றால் பெயர் எங்கே வந்தாலும் கவலை இல்லை. அங்கே ஆபத்து வேறு சொற்களில் இருக்கிறது. "நீங்கள் சற்று முன்னால் சொன்னதுபோல", "அதற்கு உங்கள் பதில் என்ன?" போன்ற தொடர்கள் அரங்கில் இயல்பாக ஒலிக்கும். ஆனால் 60 நிமிடத்தில் 36 நிமிடம் கழியப்போகிறது. முன்னால் சொன்னது கழிந்த பகுதியில் போய்விட்டால் அந்தக் கேள்வி அனாதையாக நிற்கும்; அதற்கு வந்த அருமையான பதிலும் அதோடு போகும். ஆகவே கேள்வி தன் விஷயத்தைத் தானே சுமக்க வேண்டும்: "உரிமம் வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது சிறு விவசாயிதான் என்று பேராசிரியர் கருதுகிறார். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" நேரடியாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இது கூறியது கூறல்போல இருக்கும். வெட்டிய வீடியோவில் அதுவே உயிர்.

எத்தனை கேள்வி எழுதுவது என்பதும் மாறும். கேள்வியும் பதிலும் சேர்ந்து இரண்டரை நிமிடம் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் 24 சுற்று நடக்கும். வெட்டிய 24 நிமிடத்தில் அவற்றில் பத்துதான் மிஞ்சும், அதுவும் சுருங்கி. நான் நான்கு தலைப்புகள், தலைப்புக்கு இரண்டு முக்கியக் கேள்விகள் என்று எட்டை மட்டும் எழுதித் தரச் சொல்வேன். மற்றதெல்லாம் அந்தந்த நேரத்துத் துணைக்கேள்விகள்.

"ஒவ்வொருவரும் முதலில் சுருக்கமாக உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்ற தொடக்கச் சுற்று மட்டும் எந்த வழியிலும் வேண்டாம். சுருக்கம் என்று சொன்னவுடன் ஆளுக்கு மூன்று நிமிடம், ஆக 12 நிமிடம் போய்விடும். எடிட்டிங்கில் தூக்கி எறியலாம். நேரடி வெட்டில் அதை ஒன்றும் செய்ய முடியாது; பார்ப்பவர் அங்கேயே கழன்றுகொள்வார். நெறியாளர் ஒவ்வொருவரின் தகுதிகளையும் வாசிப்பதும் இதே கதைதான். பெயர்ப் பட்டை இருப்பதே அதைச் சொல்லத்தான்.

இரண்டாவது வழிக்கு நெறியாளரிடம் இன்னும் இரண்டு உதவிகள் கேட்க வேண்டும். பதில் முடிந்ததும் இரண்டு நொடி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "ம்ம், சரி, சரி" என்று பதிலின் வால்மேல் ஏறிப் பேசினால், தனி டிராக்கே இருந்தாலும் அந்தச் சத்தம் பக்கத்து மைக்கிலும் விழுந்திருக்கும். சுத்தமாக எடுக்க வராது. அப்புறம், நிகழ்ச்சி முடிந்ததும் அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில், எட்டுக் கேள்விகளையும் சுருக்கமாக இன்னொரு முறை கேட்டுத் தர வேண்டும். அரங்கில் 40 நொடி சுற்றி வளைத்த கேள்வி அப்போது 10 நொடியில் வரும். பத்து நிமிட வேலை. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அதற்குள் அவர் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு யாருடனாவது தேநீர் குடிக்கப் போயிருப்பார். ஒரு எச்சரிக்கை: கேள்வியைச் சுருக்கலாம், மாற்றக் கூடாது. புதுக் கேள்விக்குப் பழைய பதிலை ஒட்டினால் அது பேச்சாளரை ஏமாற்றுவது.

கட்அவே: ஒன்றில் அழகுக்கு, இன்னொன்றில் மறைக்க

பேசுபவரைக் காட்டாமல், கேட்டுக்கொண்டிருப்பவரையோ அரங்கையோ காட்டும் ஷாட்தான் கட்அவே. இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு வழிகளும் வெகுவாகப் பிரிகின்றன.

நேரடி வெட்டில் எதையும் நீக்கப்போவதில்லை. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. விவசாயி பேசும்போது பொறியாளர் தலையை ஆட்டினால் அதை மூன்று நொடி காட்டுகிறோம். விவாதத்துக்குச் சூடு கிடைக்கிறது. கிடைக்காவிட்டாலும் குடி மூழ்காது.

தனித்தனிப் பதிவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பதில்கள் மிஞ்சுகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மூன்று இடத்தில் சதையைக் குறைக்கிறோம். ஆக 25 இணைப்புகள். பேச்சாளரின் தலை சட்டென்று துள்ளுவதை, அதாவது ஜம்ப் கட்டை, ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று நான்கு நொடி வேறு படத்தால் மூட வேண்டும். மொத்தம் ஒன்றரை நிமிடம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எந்த ஷாட்டும் எந்த இடத்திலும் பொருந்திவிடாது. கேட்பவரின் வாய் மூடியிருக்க வேண்டும். பேசுபவர் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். முகம் அந்த நேரத்துப் பேச்சின் தன்மைக்கு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் சேர்ந்த ஒன்றரை நிமிடம் கிடைக்க, நல்ல கேட்கும் ஷாட்டுகள் ஏழெட்டு நிமிடமாவது கையிருப்பில் வேண்டும்.

அது தானாகச் சேராது. மூன்று கேமராக்களைத் தனித்தனியாக ஓடவிட்ட முதல் சில வேலைகளில் எனக்குக் கிடைத்தது ஒரே பேச்சாளரின் மூன்று கோணங்கள். கேட்பவர் ஒருவரும் இல்லை. காரணம் எளிது. ஸ்விட்சர் இருக்கும்போது எந்தக் கேமரா திரையில் ஓடுகிறது என்று டாலி விளக்கு சிவப்பாகச் சொல்லும். சிவப்பு இல்லாதவர் தைரியமாக வேறு ஷாட் தேடுவார். தனித்தனிப் பதிவில் அந்த விளக்குக்கு வேலை இல்லை. யாருடையது பயன்படப் போகிறது என்று தெரியாததால் மூவரும் பயந்துகொண்டு பேசுபவர் மேலேயே போய் நிற்பார்கள்.

இதற்கு மருந்து, யாருக்கு எது சொந்தம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது. நம் விவாதத்துக்கு நான் பிரிப்பது இப்படி. முதல் கேமரா நடுவில், ஐந்து பேரும் தெரியும் வைட் ஷாட்டில் பூட்டப்பட்டு நிற்கும். அதற்கு ஆள்கூட வேண்டாம். இரண்டாவது எப்போதும் பேசுபவர் மேல். மூன்றாவதுக்கு ஒரே கட்டளை: பேசுபவரைப் பார்க்காதே. கேட்பவரில் ஒருவரைப் பிடி, அசையாமல் 10 நொடி நில், அடுத்தவருக்குப் போ. நெறியாளர் கேள்வி கேட்கும்போது மட்டும் அவரிடம் வா. இரண்டாவது கேமரா ஆளைத் தவறவிட்டால் வைட் ஷாட் காப்பாற்றும். மூன்றாவது தன் கட்டளையை மீறினால் காப்பாற்ற ஒன்றுமில்லை.

நெறியாளரை எங்கே உட்கார வைப்பது என்பதும் இதே கணக்கில் வரும். நடுவில் வைத்தால் படம் சமச்சீராக இருக்கும். மேடை அலங்கரிப்பவர்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் இடப்பக்கம் இருப்பவர்கள் வலப்பக்கமும், வலப்பக்கம் இருப்பவர்கள் இடப்பக்கமும் பார்த்துப் பேசுவார்கள். 12ஆம் நிமிடத்தில் எடுத்த கேட்கும் ஷாட்டை 40ஆம் நிமிடத்துப் பேச்சில் வைத்தால் பார்வை எதிர்த்திசையில் போய் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ உறுத்தும். நெறியாளரை ஓரத்தில் வைத்தால் நால்வரும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் பார்த்திருப்பார்கள். ஷாட்டுகளை இடம் மாற்றிப் போட வசதி. எடிட்டிங் வழி என்றால் ஓரம்தான். நேரடி வெட்டுக்கு எங்கே வைத்தாலும் சரி. நெறியாளர் இடது ஓரத்தில் இருந்தால், பேச்சாளர்களைப் பிடிக்கும் இரண்டாவது கேமராவும் இடப்பக்கமாகவே நிற்க வேண்டும். அப்போதுதான் முகம் முழுதாகக் கிடைக்கும். வலப்பக்கம் நிறுத்தினால் காதுகள்தான் கிடைக்கும்.

வேறு மூடிகளும் உண்டு. கேமராவை 4கே-யில் ஓட்டி, வீடியோவை 1920×1080-இல் தருவதானால், இரண்டு மடங்கு வரை நெருங்கி வெட்டிக்கொள்ளலாம். மிட் ஷாட்டிலிருந்து நன்றாக நெருங்கிய ஷாட்டுக்குத் தாவினால் இணைப்பு தெரியாது. கொஞ்சமாக மட்டும் நெருங்கினால் படம் குலுங்கியதுபோல இருக்கும். அதற்கு ஜம்ப் கட்டே மேல். தண்ணீர்க் குவளையையும் பேனாவையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இங்கே ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்வதில் அந்தக் குவளையை மிஞ்சிய சாட்சி கிடையாது.

நேர்மை சம்பந்தமான ஒன்றும் இருக்கிறது. நகைச்சுவைக்குச் சிரித்த முகத்தை, வறண்ட கிணற்றைப் பற்றி விவசாயி பேசும் இடத்தில் வைத்துவிட்டால், அந்தப் பொறியாளர் ஈரமில்லாதவர் என்று ஊரே பேசும். கட்அவேயை இடம் மாற்றும் போதெல்லாம் சலனமில்லாத முகத்தை மட்டும் எடுப்பதை ஒரு கட்டாயமாக வைத்திருக்கிறேன். சிரிப்பு, முகச்சுளிப்பு, தலையாட்டல் எல்லாம் அவை நிகழ்ந்த இடத்தில் மட்டுமே வரலாம்.

பெயரும் தலைப்பும் எப்போது படத்தில் ஏறுவது

ஒருமுறை நேரடி வெட்டில் ஒரு விவாதம் எடுத்தோம். நாற்காலி வரிசைப்படி பெயர்ப் பட்டைகளை எண்ணிட்டுத் தயாராக வைத்திருந்தோம். மேடை ஏறும்போது இருவர் மரியாதைக்காக "நீங்கள் உட்காருங்கள்", "இல்லை, நீங்கள்" என்று இடம் மாறி உட்கார்ந்தார்கள். பதினோரு நிமிடம் கழித்துத்தான் பெயர்கள் மாறி ஓடியது தெரிந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் பட்டை படத்தோடு எரிந்துபோய்ப் பதிவாகிவிட்டது. பட்டை இல்லாத பிரதி எங்குமே இல்லை. ஏற்பாட்டாளர் இன்றுவரை அந்த வீடியோவை வெளியிடவில்லை.

அன்றிலிருந்து, நேரடி வெட்டே ஆனாலும், கிராஃபிக்ஸ் சேராத கிளீன் ஃபீட் ஒன்று தனியாகப் பதிவாகிறதா என்று பார்க்காமல் வேலையை எடுப்பதில்லை. பட்டைகளை நாற்காலி எண்ணால் வைப்பதும் இல்லை. முகம் பார்த்துப் போடும்படி, ஆளின் பெயராலேயே வைக்கிறோம்.

நேரடி வெட்டில் கிராஃபிக்ஸுக்கென்று தனி ஆள் வேண்டும். வெட்டுபவரே பட்டையையும் போட்டால் இரண்டில் ஒன்று தவறும். பட்டை ஏறியிருக்கும்போது கேமரா மாறி, விவசாயியின் பெயர் வழக்கறிஞரின் மார்பில் ஒரு நொடி நிற்பது இந்த வழியின் நிரந்தர நோய். எடிட்டிங்கில் இது நடக்கவே தேவையில்லை. ஷாட் தொடங்கி ஒரு நொடி கழித்துப் பட்டையைக் கொண்டுவந்து, ஷாட் மாறுவதற்கு முன் எடுத்துவிடலாம். எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கு என் அளவு, அதில் எழுதியிருப்பதைச் சாதாரண வேகத்தில் இரண்டு முறை வாசிக்கும் நேரம். பெயர் ஒரு வரி, பதவி ஒரு வரி என்றால் ஐந்து நொடி வரும். பதவி நீண்டு மூன்றாவது வரிக்குப் போகிறதென்றால், நொடியைக் கூட்டாமல் பதவியைச் சுருக்க வேண்டும். 24 நிமிட வீடியோவில் ஒவ்வொருவருக்கும் முதல் பேச்சில் ஒன்று, பிறகு தலைப்பு மாறி அவர் மீண்டும் வரும்போது ஒன்று என்று வைத்தால் போதும்.

தமிழில் பட்டை போடுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் "பொறியாளர்" என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். பிரீமியரில் எழுத்து எஞ்சினை South Asian and Middle Eastern என்று மாற்றினால் சரியாகும். ஸ்விட்சரோடு வரும் எழுத்துக் கருவிகளை நான் நம்புவதில்லை. பட்டையை வேறிடத்தில் செய்து, பின்னணி ஊடுருவும் பிஎன்ஜி படமாக ஏற்றிவிடுவேன். அப்படிச் செய்தால் கடைசி நிமிடத்தில் எழுத்துப் பிழை திருத்துவது கடினம் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஆகவே பெயரும் பதவியும் எப்படி எழுதப்பட வேண்டும் என்று பேச்சாளரிடமே முந்தைய நாள் எழுதி வாங்கிவிடுங்கள். அழைப்பிதழைப் பார்த்து எழுதினால் அழைப்பிதழின் பிழையும் சேர்ந்து வரும்.

தலைப்புப் பட்டையில் நேரடி வெட்டு தோற்றுத்தான் போகும். நான்கு தலைப்புகளை எழுதி வைத்திருப்போம். "மழைநீர் சேமிப்பு" என்று பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போது பேச்சு உரிமத்துக்குத் தாவி, மறுபடி கிணற்றுக்கு வந்திருக்கும். எடிட்டிங்கில் பேச்சைக் கேட்ட பிறகு தலைப்பை எழுதுகிறோம், "ஆழ்துளைக் கிணற்றுக்கு உரிமம் தேவையா?" என்று நடந்த விவாதத்துக்கே பொருந்தும்படி எழுதலாம். அதையும் கேள்வியாகவே எழுதுவது நல்லது. "உரிமம் விவசாயியைப் பாதிக்கும்" என்று எழுதினால் வீடியோ ஒரு பேச்சாளரின் கட்சியில் சேர்ந்துவிடும்.

செங்குத்துத் துண்டுகள் வேண்டும் என்றால் விவகாரம் இன்னும் தெளிவாகிவிடுகிறது. 1920×1080 படத்திலிருந்து 9:16 துண்டை வெட்டினால் அகலம் ஏறக்குறைய 607 பிக்சல்தான். இடது கீழ் மூலையில் எரிந்து ஏறிய பெயர்ப் பட்டை பாதியில் அறுந்து நிற்கும். படத்தையும் ஊதிப் பெரிதாக்க வேண்டும். 4கே மூலத்திலிருந்து வெட்டினால் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும், கைப்பேசிக்கு வேண்டிய 1080-ஐ விட அதிகம். பட்டையைச் செங்குத்து அளவுக்கு ஏற்றபடி புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆள், நேரம், எங்கே உடையும்

நேரடி வெட்டுக்கு அன்று ஒருநாள் ஆள் அதிகம்: வெட்டுபவர், கிராஃபிக்ஸ் பார்ப்பவர், ஒலிக்கு ஒருவர், கேமராவுக்கு இருவர், எல்லாருக்கும் பேசிக்கொள்ள டாக்பேக். மறுநாள் வேலை இல்லை. தனித்தனிப் பதிவில் வெட்டுபவரும் கிராஃபிக்ஸ்காரரும் அன்று வேண்டாம். ஆனால் 60 நிமிடத்தை 24 ஆக்க, எழுத்து வடிவம் எடுத்துப் படித்து, வெட்டி, மூடி, பட்டை போட்டு முடிக்க எனக்கு மூன்று முழு நாள் போகிறது. துண்டுகளுக்கு இன்னும் ஒரு நாள்.

நேரடி வெட்டுக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தவறு நடந்தால் அங்கேயே கண்ணில் படும். கேமரா நின்றுபோனால் திரை கறுப்பாகும், யாராவது ஓடுவார்கள். தனித்தனிப் பதிவில் நின்றது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும் ஸ்டில் கேமராக்கள் இன்னும் நிறையப் பேரிடம் உண்டு. ஒரு மணி நேர விவாதத்துக்கு அவை ஆகாது. கார்டும் கணக்குப் பார்க்க வேண்டியதே. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி. தொடக்கமும் முடிவும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஓடினால் மூன்றுக்கும் சேர்ந்து 200 ஜிபியைத் தாண்டும். ஒலியும் படமும் வேறு வேறு கருவியில் ஓடுவதால் மணி நேரத்தில் சில ஃபிரேம் விலகவும் கூடும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எல்லாக் கேமராவும் பார்க்கக் கை தட்டினால், விலகல் எவ்வளவு என்று அளந்து சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது அந்த மூன்றாவது வழி. இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்கிறார்கள். இரண்டின் செலவும் சேர்ந்தே வரும். அன்றைக்கும் ஆள் வேண்டும், பிறகும் மேசையில் உட்கார வேண்டும். அதைவிட முக்கியமாக, கேமராக்காரர்கள் நேரடி வெட்டுக்கு உழைப்பார்கள், மேசைக்கு உழைக்க மாட்டார்கள். டாக்பேக்கில் "அடுத்து பேராசிரியர், சீக்கிரம்" என்ற குரல் வந்தவுடன் மூன்றாவது கேமரா தன் 10 நொடிக் கட்டளையை மறந்து ஓடும். ஒவ்வொரு கேமராவின் பதிவும் தனியாக இருக்கும். அதில் கட்அவே மட்டும் இருக்காது. சிறிய ஐஎஸ்ஓ ஸ்விட்சர்கள் 1080-இல்தான் பதிவு செய்கின்றன என்பதால், கேமராவின் கார்டிலும் தனியே ஓட்டினால் ஒழிய, நெருங்கி வெட்டும் வசதியும் போய்விடும். அதே நேரத்தில் நேரலையாகவும் போக வேண்டும் என்றால் இந்த வழியைத் தவிர வேறு இல்லை. அப்போதும் நான்காவது கேமரா ஒன்றைக் கேட்டு வாங்கி, டாக்பேக் கொடுக்காமல் கேட்பவர்கள் மேல் மட்டும் விட்டுவிடுவேன்.

நம் நிலத்தடி நீர் விவாதத்துக்கு நேரலை இல்லை; 60 நிமிடம் 24 ஆகிறது, செங்குத்துத் துண்டுகளும் வேண்டும். ஆகவே இரண்டாவது வழி. அதே விவாதம் ஒரு மணி நேரமும் முழுதாக, மறுநாள் காலையே வெளியாக வேண்டும் என்று சொல்லியிருந்தால் யோசிக்காமல் முதல் வழிக்குப் போயிருப்பேன். கேள்வித்தாளில் பெயர்களை முன்னால் நகர்த்திவிட்டு, கிளீன் ஃபீடையும் ஓடவிட்டிருப்பேன். 60 நிமிடம் 50 ஆகிறது என்பதுபோல இடைப்பட்ட நிலையிலும் முதல் வழியே போதும். நான்கு பதில்களை முழுதாகத் தூக்கினால் நேரம் சரியாகிவிடும். பதிலுக்குள் கை வைக்க வேண்டியதில்லை, இணைப்புகளை வைட் ஷாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைய திட்டத்தாளில் விவாதம் முடிந்த பிறகு இன்னும் மூன்று வரிகள் இருக்கும். நெறியாளர் எட்டுக் கேள்விகளையும் மீண்டும் கேட்க 10 நிமிடம். பேச்சாளர்கள் மைக் கழற்றுவதற்கு முன், நெறியாளர் பக்கம் பார்த்தபடி ஆளுக்கு 20 நொடி சும்மா உட்கார்ந்திருக்க மூன்றாவது கேமராவுக்கு இரண்டு நிமிடம். கடைசியாக, எல்லாரும் அரங்கில் இருக்கும்போதே ஒரு நிமிட மௌனம். வெட்டிய இடங்களில் ஒலிக்கு அடியில் விரிக்க அந்த அரங்கின் வெறும் சத்தம் வேண்டும்.